ரோசாச் செடியைக் கொல்வது எப்படி (மாமி வீட்டில் இல்லாத நேரத்தில்)

டோர்ட்மண்டில் ஒரு ரோசாவைச் சாகடிப்பது லேசான வேலை இல்லை. ஊரே உங்களுக்கு எதிராக நிற்கும். 1969-ம் ஆண்டுத் தோட்டக் கண்காட்சியை ஒட்டி வெஸ்ட்ஃபாலன் பூங்காவில் ஒரு ரோசாத் தோட்டத்தை உருவாக்கி, அதில் ஏறத்தாழ 3000 வகை ரோசாக்களை வளர்த்து வைத்திருக்கிறார்கள். போதாததற்கு ஊரின் பெயரிலேயே ஒரு ரோசாவும் உண்டு. கோர்டெஸ் என்ற ரோசா வளர்ப்பாளர் 1955-ல் விற்பனைக்கு விட்ட ‘டோர்ட்மண்ட்’. ஒற்றை அடுக்கில் சிவப்பு இதழ்கள், நடுவில் வெள்ளைக் கண், கம்பியைப் பிடித்து ஏறும் கொப்புகள். குளிருக்கும் நோய்க்கும் அசையாத செடி என்று பெயர் வாங்கியது.

அசையாத செடியைத்தான் நாம் அசைக்கப் போகிறோம்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் டெரஸில் இதுவரை இரண்டு கறிவேப்பிலை, மூன்று மல்லிகை, ஒரு எலுமிச்சை ஆகியவற்றை என் கையாலேயே முடித்திருக்கிறேன். எல்லாமே அன்பினால். தோற்றது ஒரே ஒரு தடவை, அதுவும் இந்த ‘டோர்ட்மண்ட்’ ரோசாவிடம். அன்றைக்குக் குறுக்கே வந்தவர் என் மனைவியின் அம்மா, பிள்ளைகளின் அம்மம்மா. கீழே உள்ள படிகளைப் பின்பற்றுங்கள். மாமி வந்து நிற்கும் இடங்களை மட்டும் கவனமாகத் தவிருங்கள்.

1. பூவைப் பார்த்து வாங்குங்கள்.

மே மாதம் அன்னையர் தினத்துக்கு முதல் நாள் கடைக்குப் போங்கள். எந்தச் செடியில் பூ அதிகமோ அதை எடுங்கள். வேரைப் பற்றி யோசிக்க வேண்டாம். பூவுக்குத்தானே காசு கொடுக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு அழகான பீங்கான் சாடிக்குள் இறக்குங்கள். சோற்றுப் பானை அளவு போதும். அடியில் துளை இல்லாத சாடியாகப் பார்த்து வாங்குங்கள். துளை இருந்தால் தண்ணீர் வடிந்து டெரஸ் ஓடு அழுக்காகும். ரோசாவின் வேர் பக்கவாட்டில் போவதைவிடக் கீழ்நோக்கிப் போகவே விரும்பும். அதற்குக் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். நீங்கள் 20 கொடுங்கள். கீழே இடமில்லாத வேர் சாடியின் சுவரைச் சுற்றிச் சுற்றி வரும். வெளியே ஒன்றும் தெரியாது.

2. ஒவ்வொரு நாள் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள்.

இதுதான் தலையாய படி. ஆறுதலாகச் சொல்கிறேன்.

வேலையால் வந்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணியோடு டெரஸுக்குப் போங்கள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டாம். விரலின் இரண்டாம் கணு வரை விட்டு ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் தேவையில்லை என்று தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு ஊற்றுவது பாவம். தெரியாமல் ஊற்றினால் அன்பு.

சாடியில் தேங்கிய தண்ணீர், மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றை வெளியே தள்ளிவிடும். வேருக்கும் மூச்சு உண்டு. மூச்சு முட்டிய வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை வாடித் தொங்கும். உங்கள் கண்ணுக்கு அது தாகமாகத் தெரியும். உடனே இன்னொரு வாளி ஊற்றுங்கள். இனி உங்கள் உதவி இல்லாமலே இந்தச் சுற்று தானாக ஓடும். சாடியைத் தூக்கி மணந்து பார்க்க வேண்டாம். வாய்க்கால் நாற்றம் வந்தால் உங்கள் மனம் மாறக்கூடும்.

ஊற்றும்போது அடியில் ஊற்றாதீர்கள், தலையில் குளிப்பாட்டுங்கள். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. இரவு முழுக்க இலை ஈரமாகக் கிடந்தால் கரும்புள்ளிப் பூஞ்சணம் முளைப்பதற்குப் போதிய நேரம் கிடைக்கும். ஓரம் பிசிறிய கறுப்பு வட்டங்கள் முதலில் கீழ் இலைகளில் வரும். பிறகு சுற்றிலும் மஞ்சள் படரும், இலை விழும். விழுந்த இலைகளை அப்படியே சாடிக்குள் விட்டுவிடுங்கள். பூஞ்சணம் அங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அடுத்த வசந்தத்தில் மழைத்துளியோடு தெறித்து மேலே ஏறும். ‘டோர்ட்மண்ட்’ இந்த நோயை நன்றாகவே தாங்கும் என்பார்கள். அழுகிய வேரோடு நிற்கும் செடி எதைத் தாங்கும்? என்னுடையது ஓகஸ்ட் முடியுமுன் மொட்டையாகிவிட்டது.

3. செப்டம்பரில் பசளை போடுங்கள்.

செடி மெலிந்துவிட்டது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பைக்கற்றில் போட்டிருக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு போடுங்கள்.

இந்த ஊர் ரோசாக்காரர்கள் யூலை முடிவோடு தழைச்சத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வளரும் கொப்பு முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். நமக்கு வேண்டியதே அதுதான். செப்டம்பர்ப் பசளையில் ஒக்டோபரில் சிவந்த, தளதளத்த குருத்துகள் வரும். படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புங்கள். நவம்பரில் முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் அதே குருத்துகள் அவித்த கீரைபோலத் தொங்கும். அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம்.

4. குளிர்காலத்தில் செடியை மறந்துவிடுங்கள்.

தரையில் நட்ட ரோசாவுக்குப் பூமியே போர்வை. சாடியில் நிற்கும் ரோசாவின் வேருக்கோ நான்கு பக்கமும் வெளி. குளிர் தாங்கும் செடி என்று சீட்டில் எழுதியிருந்தது தரையில் நட்டதற்குத்தான். சாடிக்குள் மண் கல்லாக இறுகும்.

மாசிப் பிற்பகலில் தெற்குச் சுவரில் வெயில் அடிக்கும். கொப்பு சூடேறி, உள்ளே இருக்கும் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். கீழே எல்லாம் பனிக்கட்டி. வேரால் ஒரு சொட்டுக்கூட மேலே அனுப்ப முடியாது. பனிக்குள் நின்றபடியே செடி தாகத்தால் சாகும். பக்கத்து வீட்டுக்காரர் சாடிக்கு அடியில் பலகை வைத்து, சுற்றிலும் சாக்குக் கட்டி, சுவர் ஓரமாக நிழலில் தள்ளிவைத்திருப்பார். வேலை இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

5. மார்ச் மாதத்தில் மரணச் சான்றிதழ் கொடுங்கள்.

முதல் வெயில் நாளில் வெளியே வாருங்கள். இலை இல்லை. கொப்பு மண்ணிறம். தொட்டால் முள் மட்டும் குத்துகிறது. வேறு சாட்சி தேவையில்லை. தூக்குங்கள், மண்ணிறக் குப்பைத் தொட்டிக்கு நடங்கள்.

நான் தோற்றது இந்தப் படியில்தான். சாடியும் கையுமாகப் படியிறங்கும்போது மாமி கதவடியில் நின்றார்.

“தம்பி, அதைக் கொஞ்சம் கீழை வையுங்கோ.”

வைத்தேன். மருமகன் என்ன செய்ய முடியும்? மாமி குனிந்து, பெருவிரல் நகத்தால் ஒரு கொப்பின் தோலைச் சுரண்டினார். உள்ளே காய்ந்த மண்ணிறம். நான் சாடியைத் தூக்கக் குனிந்தேன். “பொறுங்கோ” என்று அரைச் சாண் கீழே சுரண்டினார். அதுவும் மண்ணிறம். அந்தக் கொப்பு அடிவரை அப்படியே இருந்தது. இரண்டாவது கொப்புக்குப் போனார். மேலே மண்ணிறம், நடுவில் மண்ணிறம். மண்ணிலிருந்து ஒரு விரல் நீள உயரத்தில், தோலுக்கு அடியில், வெள்ளரிக்காய்த் தோலைப் போல ஒரு கோடு பச்சை.

“பட்ட மரத்திலை பச்சை இராது. இது நித்திரை.”

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாமி இதை யாழ்ப்பாணத்தில் கற்கவில்லை. அங்கே அவருடைய கிணற்றடி ரோசா ஒரு நாளும் உறங்கியதில்லை. வருஷம் முழுக்க இலையோடு நின்றது. ஜெர்மனிக்கு வந்த முதல் டிசம்பரில், தெருவெல்லாம் மொட்டையாய் நின்ற மரங்களைப் பார்த்து, “இவ்வளவும் பட்டுப்போச்சே, ஒருத்தரும் தறிக்கேல்லையே?” என்று கேட்டவர் அவர். ஏப்ரலில் எல்லாம் ஒன்றாகத் துளிர்த்ததைப் பார்த்தபின் இந்த ஊரில் எதையும் மார்ச்சில் தீர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். உங்கள் வீட்டு முதியவர் அந்த முதல் ஏப்ரலைப் பார்க்காமல் இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம்.

எல்லாச் செடியையும் மாமி காப்பாற்றிவிடுவார் என்று பயப்படவும் வேண்டாம். என் மல்லிகை ஒன்றை அவரே அடிவரை சுரண்டிப் பார்த்தார். எங்கும் கோப்பித்தூள் நிறம், வேர் பிடித்து இழுத்தால் கூழாக வந்தது. ஒரு சொல் சொல்லாமல் குப்பையில் போட்டுவிட்டார். எனவே ஆரம்பப் படிகளை ஒழுங்காகச் செய்யுங்கள்.

6. உடனே வெட்டுங்கள்.

நகச் சுரண்டலில் பச்சை தெரிந்துவிட்டதா? பரவாயில்லை. அன்றைக்கே கத்தரியை எடுங்கள். வெட்டிய கொப்பில் கண்கள் விழித்துத் துளிர் விடும், அடுத்த வாரப் பனி அதை முடிக்கும். கத்தரி மழுங்கலாக இருப்பது நல்லது. நசுங்கிய கொப்பு நேராக வெட்டிய கொப்பைப்போல் ஆறாது.

மாமி என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு கீழ் வீட்டு ஜெர்மன் பாட்டியிடம் போனார். “பிள்ளை, இந்த ஊரிலை ரோசா எப்ப வெட்டுறது எண்டு கேள்.” பாட்டி திகதி சொல்லவில்லை. தெருவுக்கு எதிர்ப் பக்கம் இலையில்லாமல் நின்ற ஒரு பற்றையைக் காட்டினார். அது ஃபோர்சித்தியா. அது மஞ்சளாகப் பூக்கும் வாரம்தான் ரோசாவை வெட்டும் வாரம். நாட்காட்டிக்குத் தெரியாத குளிர் அந்தப் பற்றைக்குத் தெரியும். அன்றிலிருந்து மாமி ஒவ்வொரு காலையும் ஜன்னலில் நின்று ரோசாவைப் பார்க்காமல் எதிர்வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே பயம் பிடித்தது.

மூன்றாம் வாரம் தெரு மஞ்சளானது. கூரான கத்தரியைத் துடைத்துக்கொண்டு வந்தார். பட்ட கொப்பை அடியோடு எடுத்தார். மற்றதை மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார். ஒவ்வொரு வெட்டிலும் நடுச்சோற்றைப் பார்த்தார். மண்ணிறமா, இன்னும் கீழே. வெளிர்மண்ணிறமா, இன்னும் கீழே. பச்சை கலந்த வெள்ளை வந்ததும் நிறுத்தினார். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சற்றுச் சரிவாக, கடைசி வெட்டு. மிஞ்சியது ஒரு பென்சிலில் பாதி.

“இதுக்கோ இவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். நான் கேட்டேன். பதில் வரவில்லை.

7. சாடியை மாற்ற விடாதீர்கள்.

பீங்கான் சாடி விலை கூடியது என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எடுபடவில்லை. மாமி செடியை உருவி எடுத்தார். கறுத்து வழுவழுத்த வேர்களைக் கிள்ளி, உறுதியான வேர் வரும்வரை வெட்டினார். அடியில் துளையுள்ள, முழங்கால் உயரச் சாடி ஒன்றைப் பேரன் காவிக்கொண்டு வந்தான். அதை மூன்று ஓட்டுத் துண்டுகளின் மேல் வைத்தார்கள், வடிகிற தண்ணீர் அடியில் நிற்காமல் ஓடட்டும் என்று.

கடையில் வாங்கும் ரோசா பெரும்பாலும் ஒட்டுச் செடி. அடியில் முழங்கை மொழிபோல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு மேலே இருப்பது நீங்கள் காசு கொடுத்த ரோசா, கீழே இருப்பது வேருக்காக மட்டும் வைத்த காட்டு ரோசா. அந்தப் புடைப்பை வெயிலும் பனியும் படும்படி வெளியே விடுவதுதான் நம் முறை. மாமி ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்குக் கீழே புதைத்தார். வெஸ்ட்ஃபாலன் பூங்காவுக்குக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் பூ இல்லாத தோட்டத்தில் என்ன பார்ப்பது என்று கடையைத் தேடியபோது, அவர் ஒவ்வொரு செடியின் அடியையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். புடைப்பு ஏன் தெரியவில்லை என்று அங்கேதான் யோசித்திருக்க வேண்டும்.

8. காத்திருக்காதீர்கள்.

முதல் ஐந்து வாரம் அந்தக் குச்சி குச்சியாகவே நின்றது. கொலைகாரருக்கு இதுதான் பொற்காலம். தினமும் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள், வேர் பிடித்ததா என்று. புதிதாக வந்த வேர்மயிர் அறுந்துபோகும். சோதனைக்கு இன்னும் ஒரு சுரண்டல் சுரண்டுங்கள். இருப்பதே பாதிப் பென்சில், அதில் தோல் எவ்வளவு மிஞ்சும்?

பசளையையும் மறக்க வேண்டாம். இலை இல்லாத செடிக்கு அது உபயோகப்படாது. உப்பு மட்டும் மண்ணில் தங்கி இளவேரை எரிக்கும். ஒரு இரவு நான் பைக்கற்றோடு மெதுவாகக் கதவைத் திறந்தேன். இருட்டில் குரல் வந்தது.

“காய்ச்சல்காரனுக்குப் புரியாணி குடுப்பினமோ, தம்பி?”

அடுத்த நாள் மாமி தன் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து சாடிக்கு முன்னால் போட்டார். அங்கேயே இருந்து கீரை ஆய்ந்தார், அங்கேயே இருந்து ஊருக்குக் கதைத்தார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார், பெரும்பாலும் தண்ணீர் ஊற்றாமலே கையைத் துடைப்பார். நான் என் வாளியோடு கதவடி வரை வந்து திரும்பிய மாலைகள் அதிகம்.

மே முதல் வாரம் கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி, குண்டூசித் தலையளவு. பிறகு இரண்டு. உடனே கொண்டாட வேண்டாம். மே 11 முதல் 15 வரை இந்த ஊரில் பனிப் புனிதர்களின் நாட்கள். கடைசியாக வருகிறவள் குளிர் சோஃபி. எல்லா வருஷமும் வரமாட்டாள், வந்தால் ஒரே இரவில் குருத்தைக் கருக்கிவிடுவாள். நீங்கள் அவளை நம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு படுங்கள். என் நம்பிக்கை வீணாயிற்று. ஐந்து இரவும் குச்சியின் மேல் என் நல்ல சாரம் ஒன்று கூடாரம்போல நின்றது. சாரத்தை நான் காலையில் தேடி அலைந்ததுதான் மிச்சம்.

9. காட்டுக் கொப்பை வளருங்கள்.

யூன் மாதம் சாடியின் ஓரத்தில் ஒரு கொப்பு சீறிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் ஒரு சாண். மாமியின் குருத்தோ ஆமைபோல. “பாருங்கோ மாமி, பிழைச்சிட்டுது!” என்று கத்துங்கள். தண்ணீர் அதற்கு, கம்பு அதற்கு. அது புடைப்புக்குக் கீழிருந்து வரும் காட்டு ரோசா. விட்டால் இரண்டு வருஷத்தில் மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிட்டுச் சாடியைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். சாவு நடந்ததே தெரியாது, செடி பச்சையாகவே நிற்கும். என் முறைகளில் மிக நேர்த்தியானது இது.

கண்டுபிடிக்கச் சிலர் ஒரு காம்பிலுள்ள சிற்றிலைகளை எண்ணுவார்கள், ஏழு என்றால் காடு என்று. எண்ணிக்கையை நம்ப முடியாது, நல்ல ரோசாக்கள் பலவற்றுக்கும் ஏழு வரும். மாமி எண்ணவில்லை. ‘டோர்ட்மண்ட்’ இலை கடும் பச்சை, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். இந்தப் புதியவனின் இலை வெளிறி, சிறுத்து, மினுக்கம் இல்லாமல் இருந்தது. அவர் விரலால் மண்ணைத் தோண்டிக்கொண்டே அதன் பிறப்பிடம் வரை போனார். கத்தரி கேட்கவில்லை. பிடித்துக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு, வேரோடு பிய்ந்து வந்தது. மண் மட்டத்தில் வெட்டியிருந்தால் அடியில் மிஞ்சும் கண்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக வந்திருக்கும். உங்களிடம் கத்தரி இருக்கிறது, வெட்டுங்கள்.

அன்றைக்குத்தான், மாமியின் குருத்து ஒரு சாண் ஆனபிறகு, பசளைப் பைக்கற்றை அவரே என்னிடம் கேட்டு வாங்கினார். சொன்ன அளவில் பாதி போட்டார். யூலை முடிவில் பைக்கற்றை எங்கேயோ ஒளித்துவிட்டார். இன்னும் தேடுகிறேன்.

10. பூத்தால் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்டில் ஒரே ஒரு கொத்து. ஐந்து பூ. சிவப்பு, நடுவில் வெள்ளைக் கண். அலைபேசியை எடுத்து, கதிரை படத்தில் விழாதபடி சாய்த்துப் பிடித்து, “என் டெரஸ் ரோசா” என்று எழுதி அனுப்புங்கள். கனடாவிலிருந்து முதல் பாராட்டு பத்து நிமிஷத்தில் வரும். வளர்த்த முறையைக் கேட்பார்கள். தினமும் மாலையில் தண்ணீர் என்று சொல்லுங்கள்.

வாடிய பூவைக் கிள்ள வேண்டாம், காயாகட்டும். இந்தச் செடி காய் பிடித்தால் அடுத்த பூவைப் பற்றி அதிகம் யோசிக்காது. மாமி கிள்ளுவார், பார்க்காததுபோல் இருங்கள்.

பிறகு, பொழுது சாயும்போது, மகிழ்ச்சியோடு வாளியை நிரப்புங்கள். டெரஸ் கதவை மெதுவாகத் திறங்கள். கதிரை காலியாக இருந்தால் முன்னேறலாம்.

காலியாக இருக்காது.